படிப்பிலும் வேலையிலும் லயிப்பு: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உப்புவெளிக் கரைக்குக் காலை ஏழு மணியளவில் போனால், கரையேற்றிய படகொன்றின் நிழலில் கால் நீட்டி உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருக்கும் ஒருவரையாவது காணலாம். வலையின் ஒரு பக்கத்தைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்திருப்பார். கிழிசலின் ஓரங்களில் தொங்கும் நூல்களை முதலில் சிறு கத்தியால் அறுத்துச் சீராக்குவார். பிறகு வலையூசியைக் கண்ணுக்குள் விட்டெடுத்து, முடிச்சுப் போட்டு, இறுக்கி, அடுத்த கண்ணுக்குப் போவார். முடிச்சுச் சரியாக விழுந்தால் கைக்குத் தெரியும். நழுவினாலும் அந்தக் கணமே தெரியும். பக்கத்தில் மீன் விலை பேசுகிறவர்கள் எவ்வளவு சத்தமிட்டாலும் அவர் தலை நிமிர்வதில்லை. ஒருநாள் நான் அருகில் போய் நின்று இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் பெரியவர் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். "எவ்வளவு நேரமாத் தம்பி நிக்கிறியள்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த முடிச்சுக்குப் போய்விட்டார்.

இப்படி ஒரு வேலைக்குள் முழுதாக இறங்கி, நேரமும் சுற்றமும் தன் நினைவும் மங்கிப்போகும் நிலையை உளவியலில் 'ஃப்ளோ' என்கிறார்கள். தமிழில் சிலர் ஓட்டநிலை என்று எழுதுகிறார்கள். நமக்கு ஏற்கெனவே 'லயித்தல்' என்ற நல்ல சொல் இருப்பதால் இக்கட்டுரையில் லயிப்பு என்றே எழுதுகிறேன். படிக்க உட்கார்ந்தால் மனம் ஒட்டுவதில்லை என்று சொல்லும் உயர்தர மாணவர்களுக்கும், மேசையில் அரை நாள் இருந்தும் ஒரு வேலை முடியவில்லை என்று உணர்பவர்களுக்கும், அந்த நிலைக்கு எப்படி வழி அமைப்பது என்பதைப் படிப்படியாக விளக்குவதே நோக்கம். நான் பகலில் கணக்கெழுதுகிறவன். மாலையில் வீட்டில் சில பிள்ளைகளுக்கு இணைந்த கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். அதனால் உதாரணங்கள் இந்த இரண்டு இடங்களிலிருந்தே வருகின்றன.

லயிப்பு என்பது எது

இதை முறையாக ஆராய்ந்தவர் ஹங்கேரிய வம்சாவளியினரான மிஹாய் சிக்சென்ட்மிஹாய். 1960களில் சிகாகோவில் ஓவிய மாணவர்களைக் கவனித்தபோது ஒரு விசித்திரம் அவர் கண்ணில் பட்டது. ஓவியம் வளர்ந்துகொண்டிருக்கும்போது பசியையும் களைப்பையும் மறந்து வரைந்தவர்கள், முடிந்ததும் அதைச் சுவரோரம் சாய்த்துவிட்டு அதில் அக்கறையில்லாமல் அடுத்த துணியை எடுத்தார்கள். அப்படியானால் அவர்களை இழுத்தது முடிந்த படம் அல்ல, வரைதலே. பிறகு சதுரங்கம் ஆடுபவர்கள், பாறை ஏறுபவர்கள், நடனக் கலைஞர்கள், அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் எனப் பலரை அவர் நேர்கண்டார். நீரோட்டம் தம்மைக் கொண்டுபோவதுபோல் இருந்தது என்று பலரும் சொன்னதிலிருந்தே 'ஃப்ளோ' என்ற பெயர் வந்தது. 1975 இல் வெளிவந்த அவருடைய முதல் நூலில் இந்த நேர்காணல்களின் முடிவுகள் உள்ளன.

நினைவிலிருந்து சொல்வது நம்பகமானதல்ல என்பதால் அவரும் உடனாளிகளும் பின்னர் வேறொரு முறையைக் கையாண்டார்கள். ஒரு வாரத்துக்குப் பேஜர் கருவி ஒன்றைக் கொடுத்து, நாளொன்றுக்கு ஏறத்தாழ எட்டுத் தடவை, எதிர்பாராத நேரங்களில் அதை ஒலிக்கச் செய்வார்கள். ஒலித்த கணத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், அது எவ்வளவு கடினமாக இருந்தது, அதற்கான திறன் உங்களிடம் எவ்வளவு இருந்தது, மனநிலை எப்படி இருந்தது என்று சிறு படிவத்தில் எழுத வேண்டும். சிகாகோ பகுதியில் வேலை பார்த்த 78 பேரைக் கொண்டு இப்படிச் செய்து 1989 இல் வெளியிட்ட ஆய்வில், லயிப்புக்குரிய கணங்கள் ஓய்வு நேரத்தைவிட வேலை நேரத்திலேயே அதிகம் காணப்பட்டன. ஆனால் அதே ஆட்கள், வேலையில் இருந்த நேரத்தில்தான் 'இப்போது வேறெதையாவது செய்துகொண்டிருக்க வேண்டும்' என்று கூடுதலாக விரும்பினார்கள். தொலைக்காட்சிக்கு முன்னால் சாய்ந்திருக்கும் நேரம் ஓய்வைத் தரலாம். லயிப்பைத் தருவது அரிது என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

கைத்தொலைபேசியில் காணொலிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிக்கொண்டிருக்கும்போதும் நேரம் போவது தெரிவதில்லையே, அதுவும் இதுதானா என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. வெளித்தோற்றத்தில் ஒற்றுமை உண்டு. ஆனால் அங்கே உங்கள் திறன் எதுவும் வேலை செய்யவில்லை, நீங்கள் எடுக்கும் அடுத்த அடியால் எதுவும் கூடிவருவதுமில்லை. எழுந்த பிறகு மனம் நிறைந்திருக்கிறதா, வறண்டிருக்கிறதா என்று பார்த்தால் வித்தியாசம் தானாகத் தெரியும்.

லயிப்பு வர வேலை எப்படி இருக்க வேண்டும்

புதியவர்கள் செய்யும் பெரிய பிழை, லயிப்பை மனத்தில் தேடுவது. கண்ணை மூடி மூச்சை இழுத்துவிட்டு, ஊதுபத்தி கொளுத்தி, மேசையைத் துடைத்துவிட்டு, மனம் ஒருமைப்படும் என்று காத்திருப்பார்கள். இவற்றால் தீங்கு இல்லை. ஆனால் அதன்பிறகு திறக்கப்படும் புத்தகம் லயிப்புக்கு இடம்கொடாத விதத்தில் இருந்தால் பத்து நிமிடத்தில் மனம் வெளியே போய்விடும். வலை பொத்தும் பெரியவர் மனத்தை ஒருமைப்படுத்த எந்த முயற்சியும் எடுப்பதாக எனக்குத் தெரியவில்லை. அவருடைய வேலையின் அமைப்பே அவரை உள்ளே பிடித்து வைத்திருக்கிறது.

அந்த அமைப்பில் மூன்று விடயங்கள் உண்டு. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது எந்தக் கணத்திலும் தெளிவாக இருக்கிறது: அடுத்த கண். செய்தது சரியா பிழையா என்பது உடனே தெரிகிறது: முடிச்சு இறுகியதா, நழுவியதா. மூன்றாவது, வேலையின் கடினமும் செய்பவரின் திறனும் ஒன்றுக்கொன்று தகுந்தவையாக இருக்கின்றன. கடினம் திறனை மிஞ்சினால் பதற்றம் வரும். திறன் கடினத்தை மிஞ்சினால் சலிப்பு வரும்.

மூன்றாவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இரண்டும் சமமாக இருந்தால் போதும் என்றே முதலில் கருதப்பட்டது. மிலான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபௌஸ்டோ மாசிமினியின் குழுவினர் பேஜர் முறையில் திரட்டிய தரவுகளை ஆராய்ந்தபோது, கடினமும் திறனும் ஒருவருடைய வழக்கமான மட்டத்துக்கு மேலே இருக்கும்போதே லயிப்பு வருகிறது என்று கண்டார்கள். இரண்டும் தாழ்ந்து சமமாக இருந்தால் வருவது மந்தநிலை. உயர்தர மாணவி ஒருத்தி எட்டாம் வகுப்புச் சமன்பாடுகளைத் தீர்த்தாலும் கடினமும் அதற்குத் தேவையான திறனும் சமமாகத்தான் இருக்கும். அதில் அவள் லயிக்கமாட்டாள்.

இனி, படிப்பை ஏன் இந்த அமைப்புக்குள் கொண்டுவருவது கடினம் என்பதைப் பாருங்கள். நோட்ஸ் வாசிக்கும்போது அடுத்த அடி 'அடுத்த பக்கம்' என்பதுதான். விளங்கியதா இல்லையா என்று அந்தப் பக்கம் உங்களிடம் கேட்பதில்லை. உண்மையான பதில் மூன்று மாதம் கழித்துப் பரீட்சையில்தான் கிடைக்கும். முடிச்சு இறுகியதா என்று மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும் என்றால், அந்தப் பெரியவரும் ஐந்து நிமிடத்தில் வலையைச் சுருட்டி வைத்துவிட்டு எழுந்து போயிருப்பார்.

ஒரு மாலைப் படிப்பை அமைத்தல்

சென்ற வருடம் என் அக்காவின் மகள், கணிதப் பிரிவில் உயர்தரம் படிப்பவள், கண் கலங்கி வந்து நின்றாள். "மாமா, மூண்டு மணித்தியாலம் இருந்தனான், ஒண்டும் ஏறேல்ல." அவளுடைய மேசையைப் போய்ப் பார்த்தேன். தொகையீட்டு அலகுக்கான ரியூட் கட்டு ஒன்று, நான்கு நிறப் பேனைகள், கவிழ்த்து வைத்த கைத்தொலைபேசி. ரியூட்டில் செய்து காட்டப்பட்ட கணக்குகளை வாசித்து, முக்கியமான வரிகளுக்கு நிறம் தீட்டியிருந்தாள். மூன்று மணித்தியாலத்தில் அவள் பேனையால் ஒரு கணக்கும் செய்யவில்லை. சோம்பேறித்தனம் என்று இதைச் சொல்ல முடியாது. உட்கார்ந்த பிள்ளை உட்கார்ந்துதான் இருந்தாள். அவளுக்கு முன்னால் இருந்த வேலை அவளோடு பேசவில்லை, அவ்வளவுதான்.

முதலாவதாக, நோக்கத்தைச் சுருக்கினோம். 'இன்று தொகையீடு படிப்பேன்' என்பதற்கு முடிவும் இல்லை, அடுத்த அடியும் இல்லை. அதை 'பகுதிகளாகத் தொகையிடும் முறையில் ஆறு கணக்குகள் செய்வேன். ஒவ்வொரு விடையையும் அப்போதே சரிபார்ப்பேன்' என்று மாற்றிக் கொப்பியின் மேல் மூலையில் எழுதச் சொன்னேன். நல்ல நோக்கத்துக்கு நான் வைத்திருக்கும் சோதனை எளியது. அதை வேறொருவரிடம் கொடுத்தால், இரவு ஒன்பது மணிக்கு வந்து 'முடிந்தது' அல்லது 'முடியவில்லை' என்று அவரால் உங்களைக் கேட்காமலே சொல்ல முடிய வேண்டும்.

இரண்டாவதாக, கணக்குகளைப் பிரித்தோம். ரியூட்டிலும் கடந்தகால வினாத்தாள்களிலும் உள்ள கணக்குகளைச் செய்யாமல் வெறுமனே பார்த்து மூன்று குவியலாக்கும்படி சொன்னேன். பார்த்தவுடன் கடைசி வரை வழி தெரிகிறவை ஒரு குவியல். எங்கே தொடங்குவது என்றே தெரியாதவை இன்னொன்று. இடையில் இருப்பவை, முதல் வரி தெரியும், முடிவு எப்படி வரும் என்று தெரியாதவை. அன்றைய வேலைக்கு இந்த இடைக்குவியலே வேண்டும். முதல் குவியலிலிருந்து ஒன்றைத் தொடக்கத்துக்கு வைத்துக்கொண்டோம். கை சூடேற அது போதும். இப்படிப் பிரிக்க இருபது நிமிடம் போனது. அவளுக்கு அது வீண்போலத் தோன்றியது. எனக்கு அந்த மாலையின் மிகப் பயனுள்ள இருபது நிமிடமாகத் தோன்றியது.

மூன்றாவதாக, பதில் தரும் வழி. இங்கேதான் தொகையீடு ஒரு கொடை. விடையை வகையிட்டால் தொடங்கிய கோவை திரும்பி வர வேண்டும், வராவிட்டால் பிழை. ஆசிரியரும் தேவையில்லை, புள்ளியிடும் திட்டமும் தேவையில்லை. அவள் எடுத்த முதல் கணக்கு இது:

∫ x cos x dx

அவள் எழுதிய விடை x sin x − cos x + C. அதை வகையிடச் சொன்னேன். sin x + x cos x + sin x, அதாவது x cos x + 2 sin x என்று வந்தது. வேண்டியதைவிட 2 sin x கூடுதலாக நின்றது. "எங்கயோ குறி மாறிப்போச்சு" என்று தானே சொல்லிக்கொண்டு மேலே பார்த்தாள். sin x ஐத் தொகையிட்டால் −cos x வரும். அதற்கு முன்னால் ஏற்கெனவே ஒரு சயக்குறி நிற்கிறது. இரண்டும் சேர்ந்து சகக்குறியாக வேண்டும். விடையை x sin x + cos x + C என்று திருத்தி மீண்டும் வகையிட்டபோது x cos x மட்டும் வந்தது. முழுவதற்கும் நான்கைந்து நிமிடந்தான். முடிச்சு நழுவியதைக் கை உணர்ந்ததற்கு இது சமம்.

அடுத்தது ஒரு படி மேலே:

∫ x² cos x dx

இதில் அதே முறையை இரண்டு தடவை கையாள வேண்டும். அவளுக்கு x² sin x + 2x cos x − 2 sin x + C என்று வந்தது. வகையிட்டபோது நடுவில் வந்த உறுப்புகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு x² cos x மட்டும் மிஞ்சியதைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. இந்த இடத்தில் நான் எழுந்து வெளியே போய்விட்டேன். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பவர் இருந்தால், 'மாமா என்ன நினைப்பார்' என்ற நினைவும் கூடவே இருக்கும். தன்னைப் பற்றிய நினைவு மங்குவதே லயிப்பின் ஓர் அடையாளம் என்பதால், உதவி செய்வதாக எண்ணி அருகில் நிற்கும் பெற்றோரும் ஆசிரியரும் அறியாமலே அதைக் கெடுத்துவிடுகிறார்கள்.

நான்காவதாக, கடினத்தை ஏற்றி இறக்குவது. அவளுக்கு நான் கொடுத்த விதி இது: அடுத்தடுத்து இரண்டு கணக்குகள் தடையின்றிச் சரியாக வந்தால் ஒரு படி ஏறு, ஒரே கணக்கில் பத்து நிமிடம் ஒரு வரியும் நகராமல் நின்றால் ஒரு படி இறங்கு, அல்லது ஒரேயொரு வரிக்கு மட்டும் உதவி கேள். அந்த மாலையில் அவள் நின்றுபோன இடம் ∫ eˣ cos x dx. இரண்டு தடவை பகுதிகளாகத் தொகையிட்டதும் தொடங்கிய தொகையீடே வலப்பக்கத்தில் திரும்பி வந்துவிட்டது. சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்துவிட்டோமே என்று திகைத்துப் போய்க் கேட்டாள். "வந்ததைத் தூக்கி இடப்பக்கம் கொண்டுபோ" என்பதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. சற்று நேரத்தில் ½eˣ(sin x + cos x) + C என்ற விடை கொப்பியில் இருந்தது. அதன் கீழே சரிபார்த்த வரியும் இருந்தது. ஆறாவது கணக்கை முடித்துவிட்டு எழுந்து வந்தவள், இடியப்பம் ஏன் ஆறிப்போயிருக்கிறது என்று தாயிடம் கேட்டாள். இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டது அவளுக்குக் கேட்கவேயில்லை.

எல்லாப் பாடமும் தொகையீட்டைப்போல் தானாகப் பதில் சொல்லாது. உயிரியலில் சிறுநீரகத்தியின் அமைப்பை வாசிக்கும்போது, பிழையாக விளங்கினாலும் புத்தகம் பேசாமலே இருக்கும். அங்கே பதிலை நீங்களே உண்டாக்க வேண்டும். ஒரு பக்கம் வாசித்ததும் புத்தகத்தை மூடி, படத்தை நினைவிலிருந்து வரைந்து பெயரிட்டு, உடனே திறந்து வேறு நிறப் பேனையால் திருத்துங்கள். ஒரு சுற்று எட்டுப் பத்து நிமிடத்தைத் தாண்டக்கூடாது, ஏனெனில் சுற்று நீள நீளப் பதில் தள்ளிப்போகும். கட்டுரை வினாக்களுக்கு, முழு விடையையும் எழுதிவிட்டுத் திருத்துவதைவிட ஒரு பந்தி எழுதியதும் புள்ளியிடும் திட்டத்தோடு ஒப்பிடுவது லயிப்புக்கு உகந்தது.

அலகு முழுவதும் கைவந்து, புதிய கணக்குகள் கிடைக்காமல் போகும் நாளும் வரும். அப்போது நேரத்தைக் கொண்டு கடினத்தை ஏற்றலாம். இணைந்த கணித வினாத்தாள் ஒன்றுக்கு மூன்று மணித்தியாலம். பகுதி அ இல் 25 புள்ளி வீதம் பத்து வினாக்கள், பகுதி ஆ இல் 150 புள்ளி வீதம் ஐந்து வினாக்கள், மொத்தம் 1000. 180 நிமிடத்தைப் புள்ளிக்கேற்பப் பங்கிட்டால் பகுதி அ வினாவுக்கு நாலரை நிமிடமும் பகுதி ஆ வினாவுக்கு 27 நிமிடமும் கிடைக்கும். நேற்று எளிதாகத் தோன்றிய அதே கணக்கு, நாலரை நிமிடத்துக்குள் என்றதும் மீண்டும் கடினமாகிவிடும்.

முதல் கால்மணி நேரம்

வேலையை எவ்வளவு நன்றாக அமைத்தாலும் உட்கார்ந்தவுடன் லயிப்பு வராது. முதல் பத்துப் பதினைந்து நிமிடம், சிலருக்கு இருபது நிமிடம், உள்ளே போக மறுக்கும் மாட்டை இழுப்பதுபோல்தான் இருக்கும். இந்த நேரத்தைப் பலர் 'இன்று மனநிலை சரியில்லை' என்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள். எழுந்து வந்து மீண்டும் உட்கார்ந்தால் அதே கால்மணி நேரம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது. ஒரு மாலையில் நான்கு தடவை எழுந்தால் நான்கு முறை வாசலில் நின்றதுதான் மிச்சம்.

கைத்தொலைபேசியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கவிழ்த்து வைப்பது போதாது. இன்னொரு அறையில், முடிந்தால் இன்னொருவரின் பொறுப்பில் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது அக்காவின் தையல் பெட்டிக்குள் போகிறது.

அதைவிடக் கவனிக்கப்படாத தடை, முன்பு செய்துகொண்டிருந்த வேலையின் மிச்சம். சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009 இல் இதைப் பரிசோதித்துக் காட்டினார். ஒரு வேலையை முடிக்காமல் விட்டு இன்னொன்றுக்கு மாறும்போது, கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது. அதனால் புதிய வேலையின் தரம் குறைகிறது. ரியூசனில் பௌதிகக் கணக்கொன்றைப் பாதியில் விட்டு வந்த பிள்ளைக்கு வீட்டில் இரசாயனவியல் ஏன் ஒட்டவில்லை என்பதற்கு இது ஒரு விளக்கம். இதற்கு லெராயும் இன்னொருவரும் 2018 இல் காட்டிய பரிகாரம் வியக்கத்தக்க அளவு எளிது. விட்டுப்போகும் முன் ஒரு நிமிடம் எடுத்து, எந்த இடத்தில் நிற்கிறேன், திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்வேன் என்று எழுதிவைத்தால் மனம் அந்த வேலையை விட்டுக்கொடுக்கிறது.

நேரத்தைப் பொறுத்தவரை நமது ஊரின் காலநிலையை மறந்து யாரோ எழுதிய அட்டவணையைப் பின்பற்றக் கூடாது. கச்சான் வீசும் மாதங்களில் பகல் பன்னிரண்டுக்கும் நான்குக்கும் இடையில் தகரக் கூரையின் கீழ் உட்கார்ந்து லயிக்க முயல்வது உடம்போடு சண்டை பிடிப்பது. அந்த நேரத்தைப் பிரதி எடுப்பது, ரியூட் அடுக்குவது போன்றவற்றுக்கு விட்டுவிட்டு, விடியற்காலை நாலரையிலிருந்து ஆறரை வரையை இடைக்குவியலுக்கு வைத்திருங்கள். கோயில் திருவிழாக் காலத்தில் ஒலிபெருக்கி அதிகாலையிலேயே தொடங்கிவிடும் என்பதும் உண்மைதான். ஆனால் தொடர்ந்து ஒரே மாதிரிக் கேட்கும் சத்தத்துக்கு மனம் பழகிக்கொள்வதைக் கண்டிருக்கிறேன். இரண்டு நிமிடத்துக்கொரு தடவை வரும் குறுஞ்செய்திச் சத்தத்துக்கு அது பழகுவதில்லை.

லயிப்பு ஏமாற்றும் இடம்

லயிப்பு வந்தால் படிப்பும் ஏறியது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இது பலர் விழும் குழி. அழகான கையெழுத்தில் நோட்ஸைப் பிரதி எடுக்கும் வேலையிலும் அடுத்த அடி தெளிவு, எழுத்துச் சரியாக விழுந்ததா என்ற பதில் உடனே கிடைக்கும், கைக்கு ஏற்ற கடினமும் உண்டு. எனவே அதில் இரண்டு மணித்தியாலம் லயித்துப்போகலாம். லயித்தது கையெழுத்தில், பாடத்தில் அல்ல. அதேபோல் ஏற்கெனவே கைவந்த கணக்குகளை வேகமாகச் செய்து தள்ளுவதிலும் ஓர் இன்பம் உண்டு.

ஆண்டர்ஸ் எரிக்சன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் பெர்லினில் வயலின் மாணவர்களை ஆராய்ந்து 1993 இல் எழுதியபோது, திறனை வளர்க்கும் பயிற்சி தன்னளவில் இன்பமானதல்ல, முயற்சியைக் கோருவது என்றார்கள். மிகச் சிறந்த மாணவர்கள் தனியே பயிற்சி செய்தது வாரத்துக்கு ஏறத்தாழ 24 மணித்தியாலம், அதாவது நாளொன்றுக்கு மூன்றரை மணித்தியாலம்தான். எனது அனுபவத்தில் இரண்டுக்கும் இடமுண்டு. புதிய முறையொன்றை முதன்முதலாகக் கற்கும் நாளில் லயிப்பை எதிர்பார்க்காமல் தட்டுத்தடுமாறிப் போக வேண்டும். அந்த முறை ஓரளவு பிடிபட்ட பிறகு வரும் நாட்களில்தான் மேலே சொன்ன அமைப்பு வேலை செய்யும்.

உண்மையில் ஏறியதா என்று அறிய, மூன்று நாள் கழித்து வெறுந்தாள் ஒன்றை எடுத்து, அதே வகையில் ஒரு கணக்கை உதவியின்றிச் செய்துபாருங்கள். வராவிட்டால் அன்றைய லயிப்பு இனிமையான மாலையாக மட்டுமே இருந்திருக்கிறது. நேரம் மறந்துபோவதிலும் ஓர் ஆபத்து உண்டு. முழு வினாத்தாளைப் பயிற்சி செய்யும்போது பகுதி ஆ இன் ஒரு வினாவில் லயித்து 50 நிமிடத்தைக் கொடுத்துவிட்டு, மற்ற வினாக்களுக்கு நேரமில்லாமல் தவித்த பிள்ளைகள் உண்டு. முழு வினாத்தாள் செய்யும் நாளில் 27 நிமிடத்துக்கொரு தடவை மணி ஒலிக்கும்படி வைத்துக்கொள்வது அவசியம். அலகு படிக்கும் நாளில் அந்த மணி வேண்டாம்.

இந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஆட்கள் தம்மைப் பற்றித் தாமே சொன்னவற்றை நம்பியிருக்கின்றன என்பதையும் மனத்தில் வைத்திருங்கள். நான் மேலே சொன்ன பத்து நிமிடம், இரண்டு கணக்கு போன்ற அளவுகள் என் வீட்டு மேசையில் பிறந்தவை, உங்களுக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். நித்திரை குறைந்த பிள்ளைக்கு இந்த அமைப்பு எதுவும் கைகொடுப்பதில்லை.

அலுவலக மேசையில்

வேலையிடத்தில் கடினத்தைத் தெரிவு செய்யும் சுதந்திரம் குறைவு, இடையூறும் அதிகம். நான் கணக்கெழுதும் கடையில் மாத இறுதியில் வங்கிக் கணக்கிணக்கம் செய்வது என் பொறுப்பு. காசேட்டில் உள்ள மீதியும் வங்கிக் கூற்றில் உள்ள மீதியும் ஏன் வேறுபடுகின்றன என்று கண்டுபிடிக்க வேண்டும். பலருக்கு இது வெறுப்பான வேலை. எனக்கு மாதத்தில் மிகப் பிடித்த அரை நாள். காரணம், இது பதில் சொல்லும் வேலை. வங்கிக்கு இன்னும் போய்ச்சேராத காசோலை ஒன்றைக் கண்டு கழித்தால் வித்தியாசம் அந்த அளவுக்குக் குறையும். வங்கிக் கட்டணத்தைப் பதிந்தால் இன்னும் குறையும். வித்தியாசம் பூச்சியமாகும் வரை ஒவ்வொரு அடிக்கும் ஒரு பதில் உண்டு.

இதைக் குழப்புவது நடுவில் வரும் ஆட்கள். கடையில் எவரையும் 'பிறகு வாருங்கள்' என்று அனுப்ப முடியாது. ஆகவே இடையூறைத் தடுப்பதை விட்டுவிட்டு, திரும்பி வரும் வழியைச் சுருக்கிக்கொண்டேன். எழும்பும் முன் பென்சிலால் ஒரு துண்டில் இரண்டு வரி எழுதாமல் எழும்புவதில்லை. வந்தவர் முன்னால் நின்று முறைத்தாலும் அந்த இரண்டு வரிக்கு அரை நிமிடம் எடுத்துக்கொள்கிறேன்.

சென்ற மாதம் எல்லாவற்றையும் ஒப்பிட்ட பிறகும் 1,800 ரூபாய் வித்தியாசம் மிஞ்சி நின்றது. எந்தப் பதிவும் 1,800 ஆக இல்லை. அந்த நேரம் பார்த்து சீமெந்து மூட்டை எண்ணிக் கொடுக்க வரும்படி கூப்பிட்டார்கள். துண்டில் எழுதினேன்: 'மூன்றாம் பக்கம் முடிந்தது. அடுத்து, 1,800 ஒன்பதால் வகுபடுகிறதா?' ஓர் எண்ணில் அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறி எழுதப்பட்டால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் மீதியின்றி வகுபடும். பழைய கணக்காளர்கள் சொல்லிக்கொடுத்த வழி அது. முக்கால் மணி நேரம் கழித்து, வியர்வையும் சீமெந்துத் தூசியுமாகத் திரும்பி வந்து துண்டைப் பார்த்தேன். வகுத்தால் 200. அப்படியானால் ஆயிரத்தின் இலக்கமும் நூறின் இலக்கமும் மாறியிருக்க வேண்டும். அவையிரண்டுக்கும் இடையே 2 வித்தியாசம் இருக்க வேண்டும். காசேட்டை அந்த ஒரு கண்ணோட்டத்தோடு மட்டும் மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு போனேன். இரண்டாம் பக்கத்தின் நடுவில் இருந்தது: வங்கிக் கூற்றில் 36,450, என் கையெழுத்தில் 34,650.